அண்ணன் போட்ட ஆர்டர்

அலுவலகத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்து "கறாரக்கா" என்பார்கள். டயர் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறிப்போனால் வரும் பங்குத் தரகர் கிளையில் அவள் டீலர். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் வாங்கு, வில் என்று சொல்வதைக் கணினியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்புவது வேலை. பதினான்கு வருடமாக அதே நாற்காலி. அதன் ஒரு சக்கரம் மட்டும் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது.

அவள் ஏன் கறார் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஆர்டரைக் கேட்டுக்கொண்டதும் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, வாடிக்கையாளர் "சரி" என்ற பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் பழகிய ஆளென்றால் அதை விழுங்கிவிடுவார்கள். அவள் விடமாட்டாள். பெரிய டாக்டர் ஒருவர் அறுவை அரங்கிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டுப் பேசியபோதும், "சரின்னு வாயால சொல்லுங்க சார், தலையாட்டினா எனக்குத் தெரியாது" என்று நிறுத்தி வைத்தவள். அந்த டாக்டர் இன்றுவரை அவளிடம்தான் ஆர்டர் கொடுக்கிறார்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆயுள் உண்டு. அதையும் அவள் கேட்டே தீருவாள். இன்றைக்கு மட்டும் என்றால் டே ஆர்டர். சந்தை மூடியதும் தானாகச் செத்துவிடும். வேண்டாம் என்று நாமே சொல்லும்வரை நிற்கட்டும் என்றால் ஜிடிசி. வந்த வேகத்தில் கிடைத்தவரை எடுத்துக்கொண்டு மீதியை ரத்து செய்யச் சொன்னால் ஐஓசி. நான்காவது ஒன்று இருக்கிறது, ஃபில் ஆர் கில். கேட்ட எண்ணிக்கை முழுதும் அந்த நொடியே நடந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தமும் ரத்து. சின்ன ஊர்க் கிளையில் இந்த நான்காவதை யாரும் கேட்பதில்லை. அவளுடைய அண்ணன் கேட்டான்.

அண்ணனுக்கும் அவளுக்கும் அப்பா விட்டுப்போனவை இரண்டு. ஒன்று, அவள் குடியிருக்கும் வீடு, இருவர் பேரிலும். இன்னொன்று, ஒரு குழாய் கம்பெனியின் பன்னிரண்டாயிரம் பங்குகள், அண்ணன் பேரில். அப்பா கடைசி ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். அவரைத் திருப்பிப் போட்டது, துடைத்தது, வாயில் மருந்து ஊற்றியது எல்லாம் அவள். அண்ணன் மாதம் ஒரு தரம் வந்து வாசற்படியில் நின்றபடியே எப்படி இருக்கார் என்று கேட்டுவிட்டுப் போவான். அவனுக்கு முதுகுவலி என்று அண்ணி சொல்வாள். அப்பா போன பிறகு பாகம் பிரிக்கும்போது மட்டும் அந்த முதுகு நன்றாகவே நிமிர்ந்தது.

சித்தப்பாதான் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தார். பங்குகளை விற்று வரும் பணம் முழுவதும் அண்ணனுக்கு. பதிலுக்கு வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பங்கின் விலை அப்போது தொண்ணூற்று நான்கு. அண்ணன் தொண்ணூற்றாறுக்குக் கீழே விற்க மாட்டேன் என்றான். அது நியாயம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். அரையாண்டு முடிவுக்குள் விற்காவிட்டால் வீட்டையே விற்று ஆளுக்குப் பாதி. அதுவரை சந்தை நடக்கும் ஒவ்வொரு நாளும் அண்ணன் தொண்ணூற்றாறுக்கு விற்பனை ஆர்டர் போட வேண்டும். ஒப்பந்த வாசகத்தை அவளே சொல்லச் சொல்லச் சித்தப்பா எழுதினார். தொழில் தெரிந்தவள் சொன்னால் ஓட்டை இருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஓட்டை இருந்தது. ஆர்டர் போட வேண்டும் என்று சொன்னாளே தவிர, என்ன ஆயுளுள்ள ஆர்டர் என்று சொல்லவில்லை. அவள் திரையில் ஆயுள் கட்டம் எப்போதும் 'டே' என்ற நிலையிலேயே திறக்கும். பதினான்கு வருடம் அதைப் பார்த்துப் பார்த்து, ஆர்டர் என்றாலே நாள் முழுக்க நிற்பது என்று மனசில் படிந்துவிட்டது. வேறு எந்தத் தொழில்காரியும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். ஒரு மளிகைக்காரியைக் கூட்டி வந்து கேட்டிருந்தால்கூட, "எவ்வளவு நேரம் கடையில வைக்கணும்?" என்று கேட்டிருப்பாள்.

ஒப்பந்தம் ஆன மறுவாரம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிடங்குக்காரர் தன் கிடங்கை நீட்ட இடம் தேடினார். அண்ணனிடம் வந்து வீட்டுக்கு ஒரு விலை சொன்னார். அதில் பாதி, பன்னிரண்டாயிரம் பங்கின் மொத்த விலையைவிட அதிகம். அன்றிலிருந்து அண்ணனுக்குப் பங்குகள் விற்கக் கூடாது. ஆனால் ஆர்டர் போட்டாக வேண்டும்.

முதல் நாள் காலை அவளுடைய தொலைபேசி ஒலித்தது. டீலர் தொலைபேசிகள் பதிவாகும். யாராயிருந்தாலும் சார், மேடம்தான்.

"வணக்கம் சார், சொல்லுங்க."

"குழாய் கம்பெனி. பன்னிரண்டாயிரம். விக்கணும். தொண்ணூத்தாறு," என்றான் அண்ணன்.

"டே ஆர்டர்தானே சார்?"

"இல்ல. ஃபில் ஆர் கில்."

அவள் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. குழாய் கம்பெனிப் பங்கு அதிகம் கைமாறாத பங்கு. ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலே ஆயிரம் இரண்டாயிரம்தான் நடக்கும். பன்னிரண்டாயிரத்தை ஒரே நொடியில் வாங்க எவன் காத்திருப்பான்?

"சார், இப்போ அந்த விலைக்கு வாங்க இருக்கிறதே..."

"மார்க்கெட் நிலவரம் நான் கேட்டேனா? எனக்குப் படிச்சுக் காட்ட வேணாம். என்னிக்குமே வேணாம். சொன்னதப் போடு."

அவள் திருப்பிச் சொன்னாள். அவன் சரி என்றான். பொத்தானை அழுத்தினாள். இமைக்கும் முன் திரையில் 'ரத்து' என்று வந்தது.

"ரத்தாயிடுச்சு சார்."

"அடடா. என்ன பண்றது, மார்க்கெட்டு எடுக்கல," என்றான் அண்ணன். அவன் சிரிப்பை அடக்கியது பதிவில் கேட்காது. அவள் காதில் கேட்டது.

வேண்டுமானால் அவனே தன் கைபேசியில் போட்டுக்கொள்ளலாம். செயலி இருக்கிறது. ஆனால் தினமும் கிளைக்குக் கூப்பிட்டான், அவளையே கேட்டான். அவள் வீட்டை அவள் விரலாலேயே தட்டிப் பறிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவள் மேனேஜரிடம் போய், இது என் குடும்ப விவகாரம், இந்தக் கணக்கை வேறு ஆளுக்கு மாற்றுங்கள் என்றாள்.

"உங்க அண்ணன்னு முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கீங்க, ரெக்கார்டிங்கும் இருக்கு. அவர் உங்களத்தான் கேக்கறார். கஸ்டமர் கேக்கறப்ப நான் என்னம்மா பண்ண?" என்றார் மேனேஜர். கணக்கை இழக்கிற எண்ணமே இல்லாத மனிதர்.

சித்தப்பாவிடம் போனாள். அவர் காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து இரண்டு முறை படித்தார்.

"தினம் போடறானா?"

"போடறான் சித்தப்பா. ஆனா போட்ட நொடியே சாகற மாதிரி போடறான். வாங்கறவங்க கண்ணுக்கே அது தெரியாது. விக்கறதுக்காகப் போடல, விக்காம இருக்கறதுக்காகப் போடறான்."

"எழுதினது ஆர்டர் போடணும்னுதானேம்மா? நீதானே சொன்ன, நான் எழுதினேன்."

அதற்கு மேல் அவரிடம் பேசி என்ன பயன்? வீட்டுக்கு வந்து கூடத்தில் விளக்குப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம். அண்ணனாவது கெட்டவன், அவன் வேலையை அவன் செய்கிறான். அவள் வாய்க்கு என்ன கேடு வந்தது, ஒரு வார்த்தை கூடச் சேர்க்க?

தினமும் காலையில் அதே அழைப்பு. அதே நான்கு வார்த்தை. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அதே திருப்பிச் சொல்லல். ரத்து. ரத்து. ரத்து. சில நாள் அவன் கூடுதலாக ஒன்று சேர்ப்பான். "வீட்டுல சாமானெல்லாம் கட்ட ஆரம்பிச்சாச்சா?" அவள், "வேற ஏதாவது ஆர்டர் இருக்கா சார்?" என்பாள். பக்கத்து நாற்காலியில் இருந்த டீலர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். குரல் மெத்தென்று இருப்பதால் அவனுக்குப் பஞ்சு என்று பெயர்.

ஆனால் திரையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் கடைசியாக நடந்த விலை மட்டும். அவள் பார்த்தது வாங்குபவர்களின் வரிசை.

குழாய் கம்பெனிக்குக் காலாண்டு லாபம் நன்றாக வந்தது. வாங்க நினைத்தவர்கள் தேடினார்கள். விற்பனைப் பக்கத்தில் இருநூறு, முந்நூறு என்று உதிரியாகத்தான் இருந்தது. அண்ணன் மட்டும் ஒழுங்காக டே ஆர்டர் போட்டிருந்தால், பன்னிரண்டாயிரம் பங்கு விற்பனைக்கு நிற்பது எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். இவ்வளவு கிடக்கிறதே, அவசரம் என்ன என்று வாங்குபவர்கள் ஒதுங்கி, விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார்கள். அவன் மறைத்து மறைத்துக் கொன்றதால், சரக்கே இல்லை என்று நினைத்து அவர்கள் விலையை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். தொண்ணூற்றாறில் முதலில் ஐந்நூறு. பிறகு இரண்டாயிரம். ஜிடிசியாகப் போட்டவர்கள் நகரவே இல்லை. நாளுக்கு நாள் புதியவர்கள் அவர்கள் பின்னால் சேர்ந்தார்கள்.

ஒரு நாள் அந்த விலையில் ஏழாயிரத்து முந்நூறு சேர்ந்துவிட்டது. அண்ணனின் அழைப்பு வந்தது. திருப்பிச் சொல்லி முடித்து, ஆயுள் கட்டத்தில் ஃபில் ஆர் கில் தேர்ந்தெடுத்தாள். பஞ்சு எட்டிப் பார்த்தான். அவள் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தான்.

"அக்கா, திரும்ப டேக்கே மாத்திருங்க. ஏழாயிரம் இப்பவே போயிடும். மீதி சாயங்காலத்துக்குள்ள போகும். கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

அவளுக்கு அது தெரியாதா? அம்புக்குறியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் போதும். வீடு கைக்கு வந்துவிடும். கூடவே புகார் வரும், வேலை போகும், வாங்கிய உரிமம் போகும். அதையும் அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் அண்ணன் ஊரெல்லாம் சொல்வான்: என் தங்கச்சி திருடி, கஸ்டமர் ஆர்டரையே மாத்திட்டா. அதற்காகத்தான் அவன் அவளையே கேட்டு வாங்கி ஆர்டர் கொடுக்கிறான் என்று அந்த நொடியில் அவளுக்கு உறைத்தது. அவன் தினமும் ஆர்டர் போடவில்லை. அவள் கை தவறும் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

சொன்னபடியே அழுத்தினாள். ரத்து.

"ரத்தாயிடுச்சு சார்."

"நீ ரொம்ப நேர்மைடீ," என்றான் அண்ணன். அதைச் சொன்ன விதத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கெடு முடிய இன்னும் ஒரு சந்தை நாள்தான் மீதி. கிடங்குக்காரர் நாடாவோடு வந்து பின்சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார். அன்று காலை அவள் திரையைத் திறந்தாள். தொண்ணூற்றேழில் ஆயிரத்து ஐந்நூறு. தொண்ணூற்றாறரையில் நாலாயிரம். தொண்ணூற்றாறில் ஏழாயிரம். அவள் ஒரு தடவை கூட்டினாள். நம்பாமல் மறுபடி கூட்டினாள். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அவன் சொல்லும் விலையோ அதற்கு மேலோ வாங்க இத்தனை பேர் நின்றால், மூன்று விலையிலும் பிரித்து எடுத்துக்கொண்டு ஆர்டர் முழுதாக நடந்துவிடும். அதற்குள் யாராவது பின்வாங்கினால் கதை முடிந்தது.

தொலைபேசி அமைதியாக இருந்தது. தொண்ணூற்றேழில் இருந்த எண் ஒரு முறை குறைந்து திரும்ப ஏறியது. கடவுளே, இன்றைக்குப் பார்த்து இவன் முதுகுவலி என்று படுத்துவிட்டானா?

ஒலித்தது.

"வணக்கம் சார்."

"இன்னைக்கும் நாளைக்கும்தான் இந்தக் கூத்து," என்றான் அண்ணன். "அப்புறம் உன்ன நான் தொந்தரவு பண்ண மாட்டேன். குழாய் கம்பெனி, பன்னிரண்டாயிரம், தொண்ணூத்தாறு, ஃபில் ஆர் கில்."

அவள் தினமும் சொல்கிற வேகத்தில், தினமும் சொல்கிற குரலில் திருப்பிச் சொன்னாள். "விற்பனை. குழாய் கம்பெனி. பன்னிரண்டாயிரம். விலை தொண்ணூத்தாறு. ஃபில் ஆர் கில். சரியா சார்?"

"சரி, சரி. தினமும் இத ஒரு தடவை ஒப்பிக்கணுமா?"

அழுத்தினாள்.

"முடிஞ்சிடுச்சு சார்."

"தெரியும். ரத்துதானே?"

"இல்ல சார். வித்துருச்சு. பன்னிரண்டாயிரமும்."

அவன் கத்தினான். "கேன்சல் பண்ணு! உடனே கேன்சல் பண்ணு!"

"இதுல கேன்சல் பண்ண எதுவும் மிஞ்சாது சார்," என்றாள் அவள். "நடந்திருக்கும், இல்ல செத்திருக்கும். நடுவுல நிக்காது. அதுக்குத்தானே நீங்க இதத் தேர்ந்தெடுத்தீங்க?"

மதியத்துக்குள் அவன் படியேறி வந்துவிட்டான். உள்ளே வந்த வேகத்தில் பஞ்சுவின் நாற்காலியில் மோதிக்கொண்டான்.

"இவ மாத்திட்டா! டேன்னு போட்டுட்டா! இவளத் தூக்குங்க சார் வேலைய விட்டு!"

மேனேஜர் பதறிப்போய்ப் பதிவை ஓட்டினார். அறை முழுக்க அண்ணனின் குரலே ஒலித்தது, ஃபில் ஆர் கில், சரி சரி. திரையிலும் அதே ஆயுள், அதே எண்ணிக்கை. விலை மட்டும் அவன் கேட்டதைவிடக் கொஞ்சம் நன்றாகவே கிடைத்திருந்தது. அண்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

"வாங்கறவன் இத்தன பேர் நிக்கறான்னு எனக்கு ஏன் சொல்லல?"

"முதல் நாள் ரெக்கார்டிங்கையும் ஓட்டச் சொல்லவா?" என்றாள் அவள். "படிச்சுக் காட்டாதேன்னு யார் சொன்னது? என்னிக்குமே வேணாம்னு யார் சொன்னது?"

"கூடப் பிறந்தவளா நீ?"

"ஆர்டர் கொடுக்கறப்ப நான் கூடப் பிறந்தவளா இருந்தேனா?"

மேனேஜர் குறுக்கே வந்தார். இருவரையும் அமைதியாக இருக்கச் சொல்லிக் கெஞ்சினார். அண்ணன் போகிற மாதிரி திரும்பியவன், வாசலிலிருந்து மறுபடி வந்தான். கண் சிவந்திருந்தது. கோபமா வேறு எதுவுமா என்று அவளுக்குப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"என் கணக்குல கொஞ்சம் பணம் சும்மா கிடக்கு. நூறு பங்கு வருமா?"

"வரும்."

"வாங்கு. நூறு. அதே தொண்ணூத்தாறுக்கு. எங்கப்பா வாங்கின பங்கு கொஞ்சமாவது என் பேர்ல இருக்கணும். உன்னால அதத் தடுக்க முடியாது."

அப்போது விலை தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றாறுக்கு விற்க ஆளில்லை. அவள் அதைச் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டாள்.

"ஆயுள் என்ன சார்?"

"கிடைக்கற வரைக்கும் நிக்கட்டும்."

"வாங்கறது. நூறு. தொண்ணூத்தாறு. ஜிடிசி. சரியா?"

"சரி," என்றான். போய்விட்டான்.

சித்தப்பா கூப்பிட்டுச் சொன்ன பிறகு அண்ணனால் தட்டிக்கழிக்க முடியவில்லை. பணம் கணக்கில் ஏறியதும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டான். அவளிருந்த பக்கம் திரும்பவே இல்லை. அண்ணி மட்டும் போகும்போது, "நல்லா இரு" என்றாள். அந்த இரண்டு வார்த்தையில் ஒரு சாபம் முழுதாக இருந்தது. வீடு அவளுக்கு வந்தது. கிடங்குக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போனார்.

ஆனால் அந்த நூறு பங்கு ஆர்டர் போகவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கணினியைத் திறந்தால், நிலுவை ஆர்டர்களின் வரிசையில் அது முன்னாலேயே நிற்கும். விலை தொண்ணூற்றெட்டு, நூற்றொன்று, நூற்று மூன்று என்று ஏறிவிட்டது. தொண்ணூற்றாறுக்கு அது என்றைக்கும் நடக்காது. நடக்காது என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் எடுக்காமல் வைத்திருக்கிறான் என்றால், அது அவளுக்காகத்தான். தினமும் காலையில் அவள் கண்ணில் குத்த வேண்டும், அதற்காகத்தான். அப்படித்தான் அவள் நினைத்தாள். முதல் டீ குடிப்பதற்கு முன்பே அந்த வரியைப் பார்த்து வயிறெரிவாள். சில நாள் மனசுக்குள் அதனோடு சண்டை போடுவாள். நீ வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாய், உனக்கு என்ன உரிமை என்பாள். அந்த வரி பதில் சொல்லாது, அடுத்த நாளும் நிற்கும். பஞ்சுவிடம், "பாரு, எப்படி வைராக்கியமா வெச்சிருக்கான்," என்பாள். வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோதும், பின்கதவை மாற்றியபோதும், இதை அவன் பார்த்தால் எப்படி எரிவான் என்றுதான் முதலில் தோன்றியது. அவளுக்கு வீடு வந்த சந்தோஷத்தைவிட, அவன் எரிவதை நினைக்கும் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

அவர்கள் நிறுவனத்தில் ஜிடிசிக்கு ஒரு வருடம்தான் உச்ச வரம்பு. முடியப்போகும்போது டீலர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, நீட்டிக்கவா, எடுத்துவிடவா என்று கேட்க வேண்டும். அதுவும் விதி. விதியை விழுங்குபவள் அல்ல அவள். ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். பஞ்சு நான் பேசட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். என்ன பேசுவான், எப்படித் திட்டுவான், தான் என்ன திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம் சார், தரகர் கிளையிலேருந்து பேசறேன். குழாய் கம்பெனி, நூறு பங்கு வாங்கறதுக்கு ஒரு ஜிடிசி ஆர்டர் நிக்குது. வர வெள்ளிக்கிழமையோட முடியுது. நீட்டிக்கணுமா?"

அண்ணனின் பின்னால் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது. யாரிடமோ, "ஒரு நிமிஷம்பா," என்றான்.

"என்ன ஆர்டர்?"

அவள் மறுபடி சொன்னாள்.

"அதா?" என்றான் அண்ணன். அவன் குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை, அவள் தேடிய எதுவுமே இல்லை. "அது இன்னுமா இருக்கு? எனக்கு ஞாபகமே இல்ல. எடுத்துருங்க."

"ரத்து. குழாய் கம்பெனி, நூறு, தொண்ணூத்தாறு," என்று அவள் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். சரியா என்று கேட்பதற்குள் அவன் வைத்துவிட்டிருந்தான்.